பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைக்காதீர்கள்: பேக்கப் கோடுகளை எங்கே வைப்பது, எப்படிப் பயன்படுத்துவது

என் தம்பியின் போன் ஒரு பயணத்தில் தொலைந்துபோனது. வேறொருவர் போனில் இருந்து என்னைக் கூப்பிட்டான். குரலில் பெரிய பதற்றம் இல்லை. "பேக்கப் கோடு எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன்ணா, உங்க லேப்டாப்ல மெயில் திறந்துக்கலாம்" என்றான். எங்கே எடுத்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "ஜிமெயில்லதான். எனக்கே ஒரு மெயில் அனுப்பி வெச்சுருக்கேன்."

சொல்லி முடித்த பிறகு இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜிமெயிலைத் திறக்க வேண்டிய கோடு ஜிமெயிலுக்குள்ளேயே இருந்தது.

அந்த முறை அவன் தப்பித்துவிட்டான். அதே எண்ணில் வேறு சிம் வாங்கி, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைப் போட்டு உள்ளே போனான். ஆனால் சிம் கைக்கு வரும்வரை மெயிலும் இல்லை, அந்த மெயிலை நம்பியிருந்த மற்ற கணக்குகளும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து இதை ஒழுங்காகச் செய்தோம். அப்போது புரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்குக் கூகுள் கணக்கை வைத்துக்கொள்கிறேன். மற்ற இடங்களிலும் விஷயம் ஏறக்குறைய இதேதான்.

பேக்கப் கோடு என்பது என்ன

இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் கணக்கு உடனே திறக்காது. இன்னொரு சான்றும் கேட்கும். பெரும்பாலும் அது போனில் இருந்துதான் வரும். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, திரையில் வரும் 'நீங்கள்தானா?' என்ற கேள்வி, இல்லையென்றால் ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் 6 இலக்க எண். ஆக, இரண்டாவது படி முழுக்கப் போனின் தலையில் இருக்கிறது. போன் தொலைந்தால், உடைந்தால், தண்ணீரில் விழுந்தால் அந்தப் படி போய்விடும்.

அந்த நாளுக்காக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் எண்கள்தான் பேக்கப் கோடுகள். கூகுள் ஒரு தடவைக்கு 10 எண்கள் தரும். ஒவ்வொன்றிலும் 8 இலக்கங்கள். ஒரு எண்ணை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். பார்ப்பதற்கு இப்படி இருக்கும் (இவை நான் சும்மா எழுதியவை):

```
1. 4821 7730     6. 9055 1482
2. 1694 0257     7. 3370 6918
```

ஆத்தென்டிகேட்டர் ஆப்பின் எண்ணும் இதுவும் ஒன்றல்ல, அந்த வித்தியாசம் தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. ஆப்புக்கும் அந்த நிறுவனத்தின் சர்வருக்கும் பொதுவாக ஒரு ரகசியம் இருக்கிறது. நீங்கள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது போனுக்குள் வந்தது அந்த ரகசியம்தான். அதையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, பொதுவாக 30 வினாடிக்கு ஒரு புது எண்ணை ஆப் காட்டுகிறது. சர்வரும் அதே கணக்கைப் போட்டு ஒத்துப் பார்க்கிறது. பேக்கப் கோடில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. சர்வர் யாரும் ஊகிக்க முடியாதபடி பத்து எண்களை உருவாக்கி, உங்களிடம் கொடுத்துவிட்டு, அவற்றைச் சரிபார்க்கத் தேவையான பதிவைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. நீங்கள் ஒன்றைப் போட்டால், பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் உள்ளே விட்டுவிட்டு அந்த எண்ணை அடித்துவிடும். அவ்வளவுதான். போன் வேண்டாம், சிக்னல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம்.

இதில் இருந்தே அதன் பலவீனமும் தெரிந்துவிடுகிறது. ஆப்பில் வரும் எண்ணை யாராவது எட்டிப் பார்த்தாலும் அரை நிமிடத்தில் அது செத்துவிடும். பேக்கப் கோடு அப்படிச் சாகாது. நீங்கள் பயன்படுத்தும்வரை, அல்லது புதுத் தொகுப்பு எடுக்கும்வரை, அது உயிரோடு இருக்கும். இரண்டு வருடம் முன்னால் ஒருவர் பார்த்து எழுதி வைத்த எண் இன்றைக்கும் வேலை செய்யும். 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள். தொடர்ந்து தப்பாகப் போட்டால் தடுத்துவிடுவார்கள் என்பதால், ஊகித்து உள்ளே வருவது நடக்கிற காரியமில்லை. ஆபத்து எல்லாம் அந்த எண் யார் கண்ணில் படுகிறது, யார் கைக்குப் போகிறது என்பதில்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். பேக்கப் கோடு பாஸ்வேர்டுக்கு மாற்று இல்லை. அது இரண்டாவது படிக்கு மட்டும்தான் மாற்று. பாஸ்வேர்டை மறந்துவிட்டால் இந்தக் காகிதம் மட்டும் உங்களை உள்ளே கொண்டுபோகாது. அதே காரணத்தால்தான், காகிதம் மட்டும் ஒருவர் கையில் கிடைத்தாலும் அவரால் உள்ளே போக முடியாது. தயவுசெய்து அந்தத் தாளிலேயே பாஸ்வேர்டையும் எழுதி வைக்காதீர்கள். எழுதினால் இரண்டு படியும் ஒரே தாளில் வந்துவிடும்.

எடுப்பது

கணினியில் `myaccount.google.com` போய், பாதுகாப்புப் பகுதியில் இரண்டு படிச் சரிபார்ப்பைத் திறந்தால் `Backup codes` என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் பத்து எண்களும் தெரியும். அச்சடிக்கலாம், கோப்பாக இறக்கலாம்.

நான் கையால் எழுதச் சொல்வேன். பத்து எண், மொத்தம் 80 இலக்கம், ஐந்து நிமிட வேலை. இறக்கினால் அந்தக் கோப்பு `Downloads` அடைவில் கிடக்கும். அச்சடித்த பிறகு அதை அழிக்க வேண்டும், குப்பைத் தொட்டியில் இருந்தும் அழிக்க வேண்டும். பிறகு செய்யலாம் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். அடுத்தவர் கணினியில் கொடுத்து அச்சடித்தால் கேட்கவே வேண்டாம், கோப்பு அங்கேயும் தங்கிவிடும். எழுதினால் இந்தக் கவலை ஒன்றும் இல்லை.

எழுதும்போது திரையில் இருக்கிற மாதிரியே நான்கு நான்காகப் பிரித்து எழுதுங்கள். 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் தெரியும்படி எழுதுங்கள். முடித்ததும் காகிதத்தில் இருந்து திரைக்கு, தலைகீழ் வரிசையில், ஒரு தடவை சரிபாருங்கள். எழுதிய வரிசையிலேயே படித்தால் கண் தப்பை மறைத்துவிடும். மேலே அன்றைய தேதியைப் போடுங்கள். இந்தத் தேதி எவ்வளவு முக்கியம் என்பது பின்னால் வரும். எந்தக் கணக்கு என்பதற்கு முழு மின்னஞ்சல் முகவரியை எழுத வேண்டியதில்லை. 'வேலை மெயில்', 'பழைய மெயில்' என்று உங்களுக்குப் புரிந்தால் போதும்.

சாதாரண பால்பாயிண்ட் பேனா நல்லது. மை பேனாவும் இங்க்ஜெட் அச்சும் ஈரம் பட்டால் கலங்கலாம். பில் அடிக்கிற வெப்பத் தாளில் மட்டும் எதையும் அச்சடித்து வைக்காதீர்கள், நாளாக ஆக எழுத்து மங்கிப்போய்விடும்.

வைப்பது

எங்கே வைத்தாலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: என் போனும் லேப்டாப்பும் இந்த நிமிடம் இரண்டுமே இல்லாமல் போனால், இந்த எண்கள் என் கைக்கு வருமா?

இந்தக் கேள்வியில் பல வழக்கமான இடங்கள் தோற்றுவிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து போன் கேலரியில் வைப்பது முதலில் தோற்கும், ஏனென்றால் தொலைவதே அந்தப் போன்தான். கேலரி தானாகவே மேகச் சேமிப்பில் ஏறுகிறதே என்பார்கள். அது எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் நாம் திறக்க முடியாமல் தவிக்கிற அதே கணக்குதான். போதாக்குறைக்கு, அந்தக் கேலரியைப் பார்க்க முடிகிற ஆப்களுக்கும் ஆட்களுக்கும் அந்தப் படம் தெரியும். தனக்குத்தானே மெயில் அனுப்புவது என் தம்பி செய்தது. டிரைவில் ஒரு ஆவணமாக வைப்பதும் அதேதான். கூகுளின் ஆத்தென்டிகேட்டர் ஆப்பே இப்போது தன் ரகசியங்களைக் கூகுள் கணக்கில் சேமித்துவைக்க முடியும், புதுப் போனில் லாகின் செய்தால் திரும்ப வந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் கூகுள் கணக்குக்குள் போவதற்கே அந்த எண் தேவைப்பட்டால் மறுபடியும் அதே வட்டம்.

பாஸ்வேர்டு மேனேஜரில் வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும். மேனேஜரைப் புதுக் கருவியில் திறக்க என்ன கேட்கும் என்று பாருங்கள். அதற்கும் அதே போனில் வரும் எண் வேண்டுமென்றால், அதற்குள் இருக்கிற பேக்கப் கோடு எதுவும் உங்களுக்கு உதவாது. மேனேஜரின் சொந்த மீட்புக் கோடாவது வெளியே காகிதத்தில் இருந்தே ஆக வேண்டும். இன்னொரு பக்கம், பாஸ்வேர்டும் பேக்கப் கோடும் ஒரே இடத்தில் இருந்தால், அந்த இடம் ஒன்று உடைந்தால் இரண்டு படியும் போகிறது. அவ்வளவு முக்கியமில்லாத கணக்குகளின் கோடுகளை நான் மேனேஜரிலேயே வைத்திருக்கிறேன். மெயில் கணக்கின் கோடுகளை மட்டும் காகிதத்தில்தான் வைக்கிறேன். மற்ற எல்லாக் கணக்குகளின் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' மெயிலும் அங்கேதான் வந்து விழுகிறது என்பதால், அதில் சமரசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

காகிதம் திருடு போகாதா என்று கேட்கலாம். உங்கள் பாஸ்வேர்டு எங்கோ கசிந்து, முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ லாகின் செய்யப் பார்க்கிறார் என்று வையுங்கள். அவரால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. அலமாரியைத் திறக்க முடிகிற ஆளிடம் பெரும்பாலும் உங்கள் பாஸ்வேர்டு இருக்காது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அரிது. காகிதத்தின் பலமே அதுதான். வீட்டிலேயே ஒருவரை நம்ப முடியாத நிலை இருந்தால் இது பொருந்தாது. அப்போது காகிதத்தை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் வைப்பதே சரி.

முக்கியமான ஆவணங்கள் வைக்கும் இடத்தில் ஒரு பிரதி, வேறொரு கட்டடத்தில் ஒட்டிய உறையில் இன்னொரு பிரதி, இது போதும். லேப்டாப் பையில் வேண்டாம், பை போனால் இரண்டும் போகும். போன் கவருக்குள் மடித்து வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பயணம் போகும்போது என்ன செய்வது? போன் தொலைவதே வழியில்தானே. பத்தையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக வேலை செய்வதால், இரண்டு எண்களை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, எந்தக் கணக்கு என்று குறிக்காமல், போன் இல்லாத வேறொரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தாளில் அந்த இரண்டின் பக்கத்தில் 'கையில்' என்று எழுதிவிடுங்கள். ஒன்று போதாதா என்றால், போதாமல் போகலாம். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

பயன்படுத்துவது

ஒரு வருடம் போல ஆனபின் தம்பியின் அடுத்த போன் தண்ணீரில் விழுந்தது. இந்த முறை தாள் இருந்தது.

புது போனில் மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் போட்டான். பழைய போனுக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம், அதில் சரி என்று அழுத்துங்கள் என்றது திரை. இந்த இடத்தில்தான் பலர் இனி வழியில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். கீழே சின்னதாக `Try another way` இருக்கும். அதைத் தொட்டால் என்னென்ன வழிகள் உண்டு என்று பட்டியல் வரும். அதில் 8 இலக்க பேக்கப் கோடைக் கேட்கும் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆப்பின் 6 இலக்க எண்ணைக் கேட்கும் கட்டத்தில் இதைப் போட்டால் ஏற்காது. தாளில் முதல் எண்ணைப் போட்டான், உள்ளே போய்விட்டான். உடனே தாளில் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்தான்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். பிறகு வேறொரு கணினியில் லாகின் செய்ய இரண்டாவது எண், இன்னொன்றுக்கு மூன்றாவது எண் என்று தாள் தீர்ந்துகொண்டே போகும். உள்ளே போன முதல் வேலையாக இரண்டாவது படியைப் புதுப் போனுக்கு மாற்ற வேண்டும். தம்பி பாதுகாப்புப் பக்கத்துக்குப் போனபோது, நீங்கள்தானா என்று மறுபடியும் கேட்டது. அங்கே இரண்டாவது எண் செலவானது. பாதுகாப்பு அமைப்புகளைத் தொடும்போது சில சமயம் இப்படிக் கேட்கும். அதனால்தான் பயணத்துக்கு இரண்டு எண் என்றேன்.

அப்புறம் ஆத்தென்டிகேட்டரைப் புதுப் போனில் அமைத்தான், புது க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து உறுதிசெய்ததும் பழைய போனில் இருந்த ரகசியம் செல்லாததாகிவிட்டது. கருவிகள் பட்டியலில் பழைய போனை வெளியேற்றினான். அவனுடையது தண்ணீரில் செத்த போன், ஆகையால் அவசரமில்லை. தொலைந்த போன், திருடு போன போன் என்றால் வெளியேற்றுவதைத்தான் முதலில் செய்ய வேண்டும், பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்ததும் `Backup codes` பக்கத்தில் புதுத் தொகுப்பு எடுத்தான். எடுத்த அந்த நொடியில் பழைய தாளில் மிச்சமிருந்த எட்டு எண்களும் செல்லாமல் போயின. தாளைக் கிழித்துப் போட்டு, புதிதாக இரண்டு பிரதி எழுதினான்.

எண்ணை ஏற்கவில்லை என்றால்

பெரும்பாலும் காரணம் இதுதான்: எப்போதோ புதுத் தொகுப்பு எடுத்திருப்பீர்கள், கையில் இருப்பது பழைய தாள். வெறும் எண்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, எந்தத் தொகுப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தேதி எழுதச் சொன்னது இதற்குத்தான். இரண்டு தாள் கிடைத்தால் பிந்தைய தேதி உள்ளதை எடுங்கள். தாள் சரிதான் என்றால், அந்த எண் ஏற்கெனவே செலவாகியிருக்கலாம், கோடு இழுக்க மறந்திருப்பீர்கள். அடுத்ததைப் போடுங்கள். இரண்டு மூன்று எண்கள் தொடர்ந்து போகவில்லை என்றால் வேறு கணக்கின் தாளை வைத்துக்கொண்டு போராடுகிறீர்களா என்று பாருங்கள். சும்மா போட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிவிடுவார்கள்.

இந்தச் சோதனையை ஆபத்து வரும் முன்பே செய்துவிடலாம். பிரவுசரில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, ஒரு பேக்கப் கோடால் உள்ளே போய்ப் பாருங்கள். பத்தில் ஒன்று செலவாகும். மிச்சம் ஒன்பதும் நிஜமாக வேலை செய்யும் தொகுப்பைச் சேர்ந்தவை என்பது உறுதியாகிவிடும், எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் கைக்குப் பழகிவிடும். அந்த ஒன்றைச் செலவழிப்பது நிச்சயம் பயனுள்ளது.

மற்ற சேவைகளில் எண்ணிக்கையும் வடிவமும் மாறும். கிட்ஹப் இவற்றை `recovery codes` என்று சொல்லி 16 தருகிறது, அவற்றில் எழுத்துகளும் கலந்திருக்கும், நடுவில் ஹைஃபன் குறி இருக்கும். இரண்டாவது படிக்கான எல்லா வழிகளையும் இழந்துவிட்டால் கணக்கைத் திரும்பத் தர முடியாமல் போகலாம் என்று அவர்கள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். எழுத்து கலந்த கோடுகளைக் கையால் எழுதினால் 0-ஐயும் ஓ எழுத்தையும், 5-ஐயும் எஸ் எழுத்தையும் பிரித்துத் தெரியும்படி எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும்.

யாராவது கேட்டால்

பேக்கப் கோடைப் போட வேண்டிய இடம், நீங்களாகப் போய்த் திறந்த லாகின் பக்கம் ஒன்றுதான். போனில் பேசுகிறவரிடம் சொல்லக் கூடாது, அவர் எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் சரி. 'உங்கள் கணக்கில் பிரச்சினை, பேக்கப் கோடுகளை இங்கே போட்டு உறுதிசெய்யுங்கள்' என்று மெயிலில் லிங்க் வந்தால் அது பொறி. போலிப் பக்கங்கள் இந்த எண்ணை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்பின் எண்ணைப் பிடித்தால் அவர்களுக்கு அரை நிமிடம்தான் இருக்கும். இதைப் பிடித்தால் வேண்டியபோது நிதானமாக வரலாம்.

தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே புதுத் தொகுப்பு எடுங்கள். அவர் இன்னும் பயன்படுத்தவில்லை என்றால் அத்துடன் அந்த எண் செத்துவிடும். பயன்படுத்திவிட்டார் என்ற சந்தேகம் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றி, கருவிகள் பட்டியலில் உங்களுடையது அல்லாத எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். காகிதம் எங்கே போனது என்று தெரியவில்லை என்றாலும் இதே மருந்துதான், காகிதத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எத்தனை மீதி என்று அவ்வப்போது பாருங்கள். தாளில் கோடு இழுத்த எண்ணிக்கையும், கணக்கின் பக்கம் காட்டுகிற மிச்சமும் ஒத்துப்போக வேண்டும். நீங்கள் தொடாத ஒன்று குறைந்திருந்தால் வேறு யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். மூன்று மீதி இருக்கும்போதே புதுத் தொகுப்பு எடுத்துவிடுவது என் வழக்கம். அப்போது வெளியே ஒருவரிடம் கொடுத்த உறையையும் மாற்ற மறக்காதீர்கள். வீட்டில் இருப்பதைப் புதுப்பித்துவிட்டு அதை மறந்தால், ஒரு நாள் அவசரத்துக்கு அவர் உறையைப் பிரித்துப் போனில் வாசித்துக்காட்டும்போது பத்தில் ஒன்றுகூட வேலை செய்யாது.